கிளையின் பெயரை இங்கே எழுதவும்

பெண்கள் தினத்துக்குத் தலைமைக் காரியாலயம் ஒவ்வொரு வருடமும் ஒரு போஸ்டர் அனுப்பும். ஊதா நிறப் பின்னணி, ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம், தலைமுடியெல்லாம் பூ. கீழே ஒரு வெற்றிடம் இருக்கும். அதில் கிளையின் பெயரைப் போட்டு வட்ஸ்அப் குறூப்பில் பகிர வேண்டும். 2024இல் எங்கட கிளையில் அந்த வெற்றிடத்தை நிரப்ப மறந்துபோனார்கள். "கிளையின் பெயரை இங்கே எழுதவும்" என்ற வரியோடேயே வாழ்த்து எங்களுக்கு வந்து சேர்ந்தது. கீழே பத்துப் பேரும் வரிசையாக "தாங் யூ சேர்" போட்டோம்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் விவசாய உபகரணங்கள் விற்கிற ஒரு தனியார் நிறுவனத்தின் கிளையில் வேலை செய்கிறோம். நீர்ப்பம்பி, சொட்டுநீர்க் குழாய், மருந்தடிக்கிற மெசின், அதுகளின் உதிரிப்பாகங்கள். முப்பத்தொரு பேர் இருக்கிறோம். இதை எழுதுகிற 'நாங்கள்' மூன்று பேர். இரண்டு பேர் விற்பனைக் கவுண்டரில், ஒருத்தி முறைப்பாட்டுத் தொலைபேசியில். மூன்று பேரும் இருபதுகளில் இருக்கிறோம். முகாமையாளர் எங்களைப் 'பிள்ளைகள்' என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் அவரை 'சேர்' என்போம்.

2024இல் மார்ச் 8 சிவராத்திரி. லீவு நாள். ஆனபடியால் கொண்டாட்டத்தை முதல் நாள் வியாழக்கிழமையே வைத்தார்கள். பொலித்தீன் சுற்றிய ரோசாப்பூ ஆளுக்கொன்று. ஒரு பெரிய கேக். அது முட்டை போட்ட கேக், அடுத்த நாள் விரதமென்று எங்களில் பாதிப்பேர் தொடவே இல்லை. ஆனால் கேக்கை வெட்டினது நாங்கள், தட்டுகளில் வைத்து ஆண்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது நாங்கள், பிறகு தட்டுக் கழுவினதும் நாங்கள்தான். நடுவில் ஒரு படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டார்கள். அதில் எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். எங்கட வீட்டுக்காரருக்கும் அந்தப் படம் பிடித்திருந்தது.

சேர் கெட்ட மனிசன் இல்லை. இதை முதலே சொல்லவேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. பூ வாங்கக் காசு அவரே தன் பொக்கற்றில் இருந்துதான் கொடுத்தார். பிறகு ஏன் அந்தப் பூவை வாங்கும்போது எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு விடை அடுத்த வருடம் கிடைத்தது.

2025 மார்ச் மாதம் தொடங்கி மூன்றாம் நாள், சேர் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார்.

"பிள்ளைகள், எட்டாம் திகதிக்கு என்ர பேரில ஒரு வாழ்த்து எழுதித் தாங்கோ. போன முறை போஸ்டர் பிழைச்சுப்போச்சு. உங்களுக்குத்தானே தெரியும், என்ன எழுதினாப் பிடிக்குமெண்டு."

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். பிறகு எங்களில் வயதில் குறைந்தவள் சொன்னாள்: "சேர், நீங்கள் எங்களுக்குச் சொல்லுற வாழ்த்தை நாங்களே எழுதித் தந்தா, அது எங்களுக்கு நாங்களே சொல்லுற வாழ்த்தெல்லோ?"

சேர் சிரிப்பார் என்று நினைத்தோம். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேனையை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அதுவும் சரிதான். நான் எழுதிப்போட்டுக் காட்டுறன். பிழையெண்டாச் சொல்லுங்கோ" என்றார்.

அடுத்த நாள் காலை ஒரு தாள் வந்தது. கையால் எழுதியிருந்தார். அதை இங்கே முழுதாகப் போடவில்லை. ஆனால் அதில் இருந்த மூன்று வரிகளைப் பற்றி மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்கக் கதைத்தோம்.

முதலாவது, "தாயாக, தாரமாக, சகோதரியாக, மகளாக" என்று தொடங்கிய வரி. படிக்கிறபோது நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் எங்கட காரியாலயத்தில் அந்த வரி யார் யாருக்குப் போய்ச் சேரும் என்று பார்த்தோம். ஒரு அக்கா புருசனை விட்டுவிட்டு வந்திருக்கிறா. இன்னொரு அக்காவுக்குக் கலியாணமாகி எட்டு வருடம், பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊரே கேட்டுக் களைத்துப்போயிற்று. எங்கள் மூன்று பேருக்கும் கலியாணம் ஆகவில்லை, அதைப் பற்றியும் ஊர் கேட்கிறது. நாங்கள் காலை எட்டரைக்குக் கதவைத் திறந்து உள்ளே வரும்போது கணக்காளர், களஞ்சியப் பொறுப்பாளர், விற்பனை உதவியாளர். அந்த ஒரு இடத்திலாவது நாங்கள் யாரோ ஒருவருக்கு என்ன முறை என்பது கேள்வி இல்லை. வாழ்த்து அதைத் திரும்பவும் கொண்டுவந்து மேசையில் வைக்கிறது.

இரண்டாவது, "வீட்டையும் வேலையையும் ஒரே நேரத்தில் சமாளிக்கும் அற்புதப் பிறவிகள்". இதைக் கேட்டதும் கணக்குப் பகுதி அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: "நான் காலமை நாலரைக்கு எழும்புறது அற்புதமில்லை தங்கச்சி. வேற ஆக்கள் எழும்பாதபடியால எழும்புறன்." சுமையைப் பார்த்துக் கைதட்டினால் சுமந்துகொண்டேதான் நிற்க வேண்டும். இறக்கி வைக்கிறேன் என்றால் கைதட்டினவருக்கு ஏமாற்றமாகிவிடும்.

மூன்றாவது வரி, "நீங்கள் இல்லாமல் நாங்கள் இல்லை". இதில் பிழை என்று எதையும் காட்ட முடியவில்லை. அதுதான் பிரச்சினை. எங்களில் ஒருத்தி நிறுவனத்தின் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் இருக்கிற நகைக்கடையின் பெயரை எழுதினாள். வாழ்த்து அப்படியே பொருந்தியது. பிறகு ஒரு வங்கியின் பெயரை எழுதினாள். அதுக்கும் பொருந்தியது. தலைமைக் காரியாலயத்துப் போஸ்டரில் வெற்றிடம் கீழே மட்டும் இருந்தது, சேரின் தாளில் முழுக்கவே வெற்றிடம்.

பின்னேரம் தாளைத் திருப்பிக் கொண்டுபோனோம். பயமாய்த்தான் இருந்தது. நகைக்கடை விசயத்தைச் சொன்னோம். சேருக்கு முகம் கொஞ்சம் மாறியது. "அப்ப வாழ்த்தே சொல்லக்கூடாதோ?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. வாழ்த்தே வேண்டாம் என்று சொல்கிற பெண்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் எங்களுக்கு வேண்டும் போலத்தான் இருந்தது.

இந்த நாள் முதலில் பூக்கடைக்கு உரிய நாளில்லை, வேலைத்தளத்துக்கு உரிய நாள். 1910இல் கொப்பன்ஹேகனில் கூடிய சோசலிசப் பெண்கள் மாநாட்டில் கிளாரா செற்கினும் தோழிகளும் வருடத்தில் ஒரு நாளைக் கேட்டது வாக்குரிமைக்கும் வேலை செய்கிற பெண்களின் உரிமைகளுக்கும். 1917இல் பெத்ரோகிராட்டில் நெசவாலைப் பெண்கள் வேலையை விட்டுத் தெருவுக்கு இறங்கிய நாள், எங்கட நாட்காட்டிப்படி மார்ச் 8. ஐக்கிய நாடுகள் சபை அதைக் கொண்டாடத் தொடங்கியது 1975இல்தான். ஆகவே ஒரு முகாமையாளர் இந்த நாளில் தன்னோடு வேலை செய்கிற பெண்களிடம் வேலையைப் பற்றிக் கதைக்காமல் பூவைப் பற்றிக் கதைத்தால், நாளின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டார் என்றுதான் அர்த்தம்.

இவ்வளவையும் சேரிடம் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டோம். "சேர், போன வருசம் நாங்கள் ஒவ்வொருத்தரும் என்ன செய்தம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பெயர்களை எழுதத் தொடங்கினார். பத்துப் பெயர். நாங்கள் பதினொன்று என்றோம். சேர் திரும்ப எண்ணினார். பத்துத்தான். துப்புரவு வேலை செய்கிற அக்காவைச் சொன்னோம். அவ ஒப்பந்தக்காரர் மூலம் வாறவ, சம்பளப் பட்டியலில் இல்லை, வட்ஸ்அப் குறூப்பில் இல்லை. 2024இல் அவவுக்கு ரோசாப்பூவும் இல்லை. ஆனால் கேக் பெட்டியைக் குப்பையில் போட்டது அவதான். சேர் பதினோராவது பெயரை எழுதினார். அவவின் முழுப்பெயர் எங்களுக்கும் தெரியாது. போய்க் கேட்டுக்கொண்டு வந்தோம். அதைக் கேட்கப் போனபோது எங்களுக்கே வெட்கமாயிருந்தது. மூன்று வருடமாய் அவவிடம் ரீ வாங்கிக் குடிக்கிறோம்.

பிறகு சேர் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எழுத முயன்றார். கணக்கு அக்காவுக்கு உடனே எழுதினார். ஒரு வழங்குநர் ஒரே சரக்குக்கு இரண்டு தரம் பில் போட்டதை அவ பிடித்த கதை அவருக்கு ஞாபகம் இருந்தது. ஏழு பேருக்கு ஏதோ ஒன்று வந்தது. மிச்ச நான்கு பேருக்கு "நல்ல பிள்ளை", "பொறுமையானவ", "சிரிச்ச முகம்", "பிரச்சினை இல்லாதவ" என்று எழுதிவிட்டுத் தானே நிறுத்தினார். "இது வேலையைப் பற்றினது இல்லை, என்ன?" என்று கேட்டார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நான்கு பேரில் எங்கள் மூன்று பேரில் ஒருத்தியும் இருந்தாள். அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

அந்த இரண்டு நிமிசம் எங்களுக்கு இப்பவும் ஞாபகம் இருக்கிறது. ஒருத்தரைப் பற்றி நல்லதாய் எழுத ஆசைப்பட்டும் எழுத ஒன்றும் கிடைக்காமல் இருப்பது என்றால், அவரை இவ்வளவு நாளும் பார்க்கவில்லை என்பதுதானே. தாளைப் பார்த்து அதை சேருக்கும் விளங்கியிருக்கவேண்டும்.

அடுத்த இரண்டு நாளும் அவர் விசாரித்தார். கோப்புகளைப் பார்த்தார், பகுதித் தலைவர்களிடம் கேட்டார், சிலரிடம் நேரே போய் "போன வருசம் உங்களுக்கு ஆகக் கஸ்டமாய் இருந்த வேலை எது?" என்று கேட்டார். பொறுமையானவ என்று எழுதப்பட்ட முறைப்பாட்டுத் தொலைபேசிக்காரி, எங்கட சிநேகிதி, ஒரு பழைய சிஆர் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினாள். ஒரே வகைப் பம்பி திரும்பத் திரும்பப் பழுதாகிறது என்று முறைப்பாடு வந்துகொண்டிருந்தது. அவள் ஒவ்வொரு அழைப்புக்கும் ஊரையும் நேரத்தையும் எழுதி வைத்திருந்தாள். பெரும்பாலும் ஒரு சில ஊர்கள், பின்னேரம் ஆறுக்குப் பிறகு. எல்லா வீடும் லைற் போடுகிற நேரம் மின்னழுத்தம் குறைகிறது, பம்பி சுத்த முடியாமல் இழுத்துச் சூடாகிக் கெப்பாசிற்றர் எரிகிறது. அதைக் கண்டுபிடித்த பிறகு திருத்துநர்கள் பம்பியை மாற்றிக் கொடுப்பதை விட்டு, பின்னேரம் போடவேண்டாம், காலையில் போடுங்கோ என்று சொல்லத் தொடங்கினார்கள். முறைப்பாடு குறைந்தது. குறைந்ததற்கான பாராட்டு திருத்துநர் பகுதிக்குப் போனது. கொப்பி அவளின் லாச்சிக்குள் இருந்தது.

மூன்றாவது நாள் இரண்டாவது தாள் வந்தது. இது முதலாவதைப் போல இல்லை. பதினொரு பேரின் பெயரும் வேலையும் இருந்தது. ஆனால் நடுவில் ஒரு பந்தியைக் கண்டதும் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அதை விளங்கப்படுத்த ஒரு பழைய கதை சொல்லவேண்டும். எங்கட காரியாலயத்தில் ஒரு அக்கா பிரசவ லீவு முடிந்து நவம்பரில் திரும்பி வந்தா. வீடு கொக்குவிலில். கிழமைக்கு இரண்டு நாள் மத்தியானம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வருவா. மற்ற நாட்களில் அவவின் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவா, களஞ்சிய அறையில் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்து கொடுப்பா. வீட்டுக்குப் போகிற நாளில் சாப்பாட்டு நேரத்தை விட அரை மணித்தியாலம் பிந்தும். வரவுப் புத்தகத்தில் அதை ஷோர்ட் லீவ் என்று எழுதினார்கள். எங்கட கிளையில் மாதத்துக்கு இரண்டு ஷோர்ட் லீவ்தான். அதுக்கு மேல் போனால் மூன்றுக்கு ஒரு அரைநாள் லீவு வெட்டுவார்கள். மாதத்துக்கு எட்டுத் தரம் போனா. இரண்டு கழிய ஆறு. ஆறுக்கு இரண்டு அரைநாள், அதாவது ஒரு நாள். நவம்பரில் இருந்து பெப்ரவரி வரைக்கும் நான்கு நாள் லீவு அப்படிப் போனது.

ஆனால் அது லீவே இல்லை. கடை, காரியாலய ஊழியர் சட்டத்துக்கு 2018இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் பிரசவ லீவு. அதோடு பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை வேலை நாளில் இரண்டு பாலூட்டும் இடைவேளை. வேலைத்தளத்தில் பிள்ளையை வைத்துப் பார்க்க இடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லையென்றால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் இதுக்குள் அடங்காது. எங்கட கிளையில் அப்படியொரு இடம் இல்லை. ஆகவே அக்காவுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் உரித்து. அவ எடுத்தது கிழமைக்கு இரண்டு தரம் அரை மணித்தியாலம். அதுக்கும் ஒவ்வொரு முறையும் பகுதித் தலைவரிடம் போய், "சேர், ஒருக்கா வீட்ட போட்டு வரட்டோ" என்று கேட்டுத்தான் போனா.

சேருக்கு இது தெரியாது. விசாரிக்கப் போன இடத்தில் வரவுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். அதைத் திருத்தவேண்டும் என்று உண்மையாகவே நினைத்தார். ஆனால் என்ன செய்தார் என்றால், வாழ்த்தின் நடுவில் அக்காவின் பெயரைப் போட்டு, பாலூட்டும் நேரத்தை வெட்டியதற்காக எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்பதாய் எழுதியிருந்தார்.

"சேர், அக்காவிட்டக் கேட்டனீங்களோ?"

"இல்லை. நல்லதுதானே எழுதியிருக்கிறன்?"

"கேட்டுப் பாருங்கோ."

கேட்டார். அக்கா சொன்ன பதிலைப் பிறகு எங்களிடமும் சொன்னா: "என்ர பேரைப் போடவேண்டாம் எண்டனான். ஆம்பிளையள் இருபது பேர் வாசிக்கிற இடத்தில நான் பிள்ளைக்குப் பால் குடுக்கிற கதை எனக்கு வேண்டாம். கணக்கைத் திருத்தினாக் காணும்." மன்னிப்பு உண்மையானதுதான். ஆனால் ஊரைக் கூட்டிக் கேட்டால், அதைக் கேட்கிறவர்தான் பெரியவராகத் தெரிவார். மன்னிக்கவேண்டியவ கூச்சத்தோடு நிற்பா. சேர் அக்காவிடம் தனியாக மன்னிப்புக் கேட்டார். பெயர் இல்லாமல் விதியை மட்டும் எல்லாருக்கும் அறிவிக்கலாமோ என்றும் கேட்டார். யாரைப் பற்றியது என்று எப்படியும் தெரியும்தான். ஆனாலும் அக்கா சம்மதித்தா. "இனி வாற ஆக்களுக்கு உதவும்" என்றா.

இதில் இருந்து வாழ்த்து இரண்டாகப் பிரிந்தது. ஒவ்வொருவரின் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டியது அவரவருக்குத் தனித் தாளில். எல்லாரையும் பாதிக்கிற விதி முப்பத்தொரு பேருக்கும். ஆண்களையும் விடவில்லை, ஏனென்றால் வரவுப் புத்தகத்தில் எழுதுகிற பகுதித் தலைவர்கள் எல்லாரும் ஆண்கள்தான். பெண்களுக்கு மட்டும் அனுப்பியிருந்தால் எங்களுக்கு உரிமை தெரிந்திருக்கும், மறிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது.

மார்ச் 8 சனிக்கிழமை. அரைநாள் வேலை. காலை ஒன்பது மணிக்கு இந்தச் செய்தி எல்லாருக்கும் வந்தது. சேரின் அனுமதியோடு முழுதாய்ப் போடுகிறோம்:

"வணக்கம். சென்ற வருடம் இந்த நாளுக்கு உங்களுக்குப் பூத் தந்தேன். உங்கள் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத உட்கார்ந்தபோது, சிலருடைய வேலை எனக்குச் சரியாகத் தெரியாது என்று விளங்கியது. அது என்னுடைய குறை.

பாலூட்டும் தாய்மாருக்குச் சட்டம் கொடுத்த இடைவேளையை நாங்கள் ஷோர்ட் லீவாகப் பதிந்து வந்திருக்கிறோம். அது பிழை. திங்கட்கிழமை முதல் அது லீவாகப் பதியப்படாது. வெட்டிய லீவு திருப்பிக் கொடுக்கப்படும். இதற்கு யாரும் அனுமதி கேட்கத் தேவையில்லை. போகும் நேரத்தைச் சொன்னால் போதும். பகுதித் தலைவர்கள் இதைக் கவனிக்கவும்.

பெண்கள் கழிப்பறைக்கு உள்பூட்டும் மூடியுள்ள தொட்டியும் வேண்டும் என்று முன்பே கேட்டிருக்கிறீர்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் போடப்படும்.

களவேலைக்குப் போகிறவர்கள் இருட்டின பிறகு திரும்பி வருவதற்கான வாகனச் செலவை நான் தீர்மானிக்க முடியாது. தலைமைக் காரியாலயத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் எதுவாக இருந்தாலும் மார்ச் 31க்குள் உங்களுக்குச் சொல்வேன்.

இந்தச் செய்திக்கு யாரும் நன்றி எழுத வேண்டியதில்லை. பெண்கள் தின வாழ்த்துக்கள்."

அலங்காரமான சொல் ஒன்றுகூட இல்லை. நகைக்கடைக்குப் பொருந்தாது. வங்கிக்கும் பொருந்தாது. எங்களுக்கு ஆகப் பிடித்தது கடைசிக்கு முந்தின பந்தி. எல்லாம் செய்து தருகிறேன் என்று எழுதியிருந்தால் நாங்கள் நம்பியிருக்க மாட்டோம். முடியாத ஒன்றை முடியாது என்று சொன்னபடியால்தான் மிச்சத்தை நம்பினோம். நன்றி எழுத வேண்டாம் என்றதும் பெரிய உதவி. இல்லையென்றால் முதல் ஆள் "தாங் யூ சேர்" போட்டதும் மற்றப் பத்துப் பேரும் போட்டே ஆகவேண்டும். போடாத ஆளை எல்லாரும் கவனிப்பார்கள்.

பிறகு சேர் எழும்பி ஒவ்வொரு மேசைக்கும் வந்தார். தாளை மடித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கமெரா இல்லை. கேக் இல்லை. முறைப்பாட்டுத் தொலைபேசிக்காரியின் தாளில் நான்கு வரி இருந்தது: கொப்பியைப் பார்த்ததாகவும், பம்பி முறைப்பாடு குறைந்ததற்குக் காரணம் அவள் எழுதி வைத்த ஊரும் நேரமும்தான் என்று தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்பிய மாத அறிக்கையில் அவள் பெயரோடு சேர்த்திருப்பதாகவும், இதை இவ்வளவு பிந்திக் கண்டதற்கு வருந்துவதாகவும். அவள் அதை வாசித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தாள். அப்போது அங்கே உள்பூட்டு இன்னும் போடவில்லை, நாங்கள் வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டோம்.

துப்புரவு வேலை அக்காவுக்கும் தாள் கிடைத்தது. கிணற்று மோட்டர் நின்ற மூன்று நாளும் அவ பக்கத்து வளவில் தண்ணி அள்ளிக் கொண்டுவந்ததைச் சேர் எழுதியிருந்தார். அவ அதைப் படித்துவிட்டு எங்களிடம் சொன்னது: "மூண்டு நாளில்லை, நாலு நாள்." நாங்கள் போய்ச் சேரிடம் சொன்னோம். அவர் தாளை வாங்கி வெட்டி நான்கு என்று எழுதிக் கொடுத்தார்.

எல்லாருக்கும் பிடித்தது என்று சொல்லமாட்டோம். மத்தியானம் போகும்போது ஒரு அண்ணா, "எங்களுக்கு ஆண்கள் தினத்துக்கு ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார். நவம்பர் 19, உங்களுக்கும் எழுதச் சொல்லுங்கோ என்றோம். பகிடியாய்ச் சொல்லவில்லை. அவரின் வேலையும் யாருக்கும் சரியாகத் தெரியாது. எங்களிலேயே ஒரு அக்கா, "பூவும் தந்திருக்கலாம்" என்றா. அதுவும் சரிதான். பூ பிழையில்லை. பூவை மட்டும் தந்ததுதான் பிழை.

வெள்ளிக்கிழமைக்கு முதலே தொட்டி வந்தது. பூட்டுப் போட மேசன் வர இன்னும் ஒரு கிழமை எடுத்தது. அக்காவின் நான்கு நாளும் லீவுக் கணக்கில் திரும்ப ஏறியது. மார்ச் மாதச் சம்பளத் துண்டோடு வந்த லீவு விபரத்தில் அவ எங்களுக்குக் காட்டினா. பகுதித் தலைவர் ஒருவர் ஒரு நாள் பழக்கத்தில் "எங்க போறீங்கள்?" என்று கேட்டிருக்கிறார். அக்கா, "ஒரு மணிக்குப் போறன், ரெண்டுக்கு வருவன்" என்று நேரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனாவாம். அதைச் சொல்லும்போது அவவுக்கே சிரிப்பு வந்தது.

மார்ச் 31 திங்கட்கிழமை. நாங்கள் மறந்துவிட்டோம். உண்மையாகவே மறந்துவிட்டோம். பின்னேரம் நாலரைக்கு சேர் கவுண்டருக்கு வந்து, களவேலை செய்கிற அக்காவையும் கூப்பிட்டு, "பிள்ளைகள்" என்று தொடங்கி, பிறகு நிறுத்தி, எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"வாகனச் செலவுக்குத் தலைமைக் காரியாலயம் இன்னும் பதில் அனுப்பேல்லை. இண்டைக்குச் சொல்லுறன் எண்டனான். அதுதான் வந்தனான். திரும்ப எழுதியிருக்கிறன்."

நல்ல செய்தி இல்லை. அந்த அக்கா இப்பவும் பரந்தனுக்குப் பம்பி காட்டப் போகிற நாளில் பஸ்சைப் பிடிக்க நாலு மணிக்கே வேலையை முடித்துக்கொண்டு வெளிக்கிட வேண்டும். ஆனாலும் சேர் போன பிறகு அவ எங்களைப் பார்த்துச் சொன்னா:

"ஞாபகம் வைச்சிருந்திருக்கிறார், பாத்தியளோ."